விளம்பரம் காட்டாமல் விட்ட அந்த 20,000 பேர்

விளம்பரத்தால் எத்தனை விற்பனை நடந்தது என்று கேட்டால், எங்கள் விளம்பர டாஷ்போர்டு ஒரு நொடிகூட யோசிக்காமல் ஒரு எண்ணைச் சொல்லும். அதை நம்பித்தான் பல வருடம் பட்ஜெட் போட்டோம். நானும் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் ஸ்லைடில் போட்டவன்தான், அதனால் இது யாரையும் குறை சொல்லும் பதிவு இல்லை.

சந்தேகம் வந்தது ரீடார்கெட்டிங் விளம்பரத்தில். ஒருவர் இணையக் கடையில் ஒரு பொருளைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போய்விடுகிறார். அப்புறம் அவர் போகிற தளத்திலெல்லாம் அதே பொருள் பின்னாலேயே வருகிறதே, அந்த வகை. டாஷ்போர்டில் எப்போதுமே இதுதான் முதல் மாணவன். பார்த்தவர்களில் வாங்கியவர்கள் விகிதம் வேறெந்த விளம்பரத்தையும்விட அதிகம்.

ஏன் அதிகமாக இருக்காது? கூடையில் போடும் அளவுக்கு வந்தவர் பாதி வாங்கிவிட்டவர். சம்பளம் வரட்டும் என்றோ, வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்றோ தள்ளிப்போட்டிருப்பார். அவர் திரும்பி வருவதற்குள் ஒரு விளம்பரம் அவர் கண்ணில் பட்டுவிட்டால், அந்த விற்பனை விளம்பரத்தின் கணக்கில் ஏறிவிடும். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இன்னும் மோசம், இந்தக் காகத்துக்கு எந்தப் பழம் விழப்போகிறது என்று முன்பே தெரியும். விளம்பரத்தை யாருக்குக் காட்டலாம் என்று முடிவுசெய்யும் அல்காரிதத்துக்கு நாம் கொடுத்திருக்கும் வேலையே, வாங்கக்கூடியவரைத் தேடிக் கண்டுபிடி என்பதுதான். எப்படியும் வாங்கவிருந்தவரைக் கண்டுபிடித்தாலும் அதற்கு முழு மதிப்பெண்.

அதனால் ஹோல்டவுட் வைக்கலாம் என்றேன். கூடையில் விட்டுப்போனவர்களில் ஒரு பகுதியைக் குலுக்கல்முறையில் ஒதுக்கி, அவர்களுக்கு மட்டும் இந்த விளம்பரத்தைக் காட்டாமல் இருப்பது. அவர்களும் மற்றவர்களைப் போலத்தான் திரும்பி வருவார்கள், வாங்குவார்கள், வாங்காமலும் போவார்கள். விளம்பரம் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்விக்கு அவர்கள்தான் பதில்.

விளம்பரப் பிரிவில் உடனே எதிர்ப்பு வந்தது. "அண்ணே, 20,000 பேருக்குக் காட்டாம விட்டா அவ்வளவு விற்பனையும் போச்சே!" என்றார் அதை நடத்தும் தம்பி. அவர் கணக்குப்படி நாலு வாரத்தில் 325 விற்பனை நஷ்டம். அந்த 325 டாஷ்போர்டை நம்பிப் போட்ட கணக்கு. அது சரியா என்று பார்க்கத்தானே இந்தச் சோதனை என்றேன். மேலாளர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

முதல் முயற்சி சொதப்பியது. குலுக்கியதென்னவோ ஒழுங்காகத்தான்: வாடிக்கையாளர் எண்ணை ஹாஷ் செய்து, அதாவது ஒழுங்கு எதுவும் தெரியாத வேறொரு எண்ணாக மாற்றி, வந்ததை 100 ஆல் வகுத்து, மீதி 0 முதல் 19 வரை இருந்தால் ஒதுக்கிவைத்த குழு, மற்றவர்களெல்லாம் விளம்பரக் குழு. மொத்தம் 1,00,000 பேர், அதில் 80,000 இங்கே, 20,000 அங்கே. நாலு வாரம் கழித்து விளம்பரக் குழுவின் பட்டியலை எடுத்தால் 77,900 பேர்தான் இருந்தார்கள். இவ்வளவு பெரிய கூட்டத்தை எண்பதுக்கு இருபது என்று பிரித்தால், தற்செயலாக நூறு இருநூறு பேர் முன்னே பின்னே ஆகலாம். இரண்டாயிரம் பேர் காணாமல் போக வழியே இல்லை. தேடிப் பார்த்ததில், பொருளை வாங்கியவருக்கு அதே விளம்பரத்தைத் தொடர்ந்து காட்டக்கூடாது என்பதற்காக, வாங்கியவர்களைப் பட்டியலிலிருந்து தானாக நீக்கும் ஒரு விதி ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரக் குழுவில் வாங்கியவர்கள் எல்லாரும் பட்டியலைவிட்டே போயிருந்தார்கள், ஒதுக்கிவைத்த குழுவில் அப்படியே இருந்தார்கள். அந்தப் பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால், விளம்பரம் பார்த்ததால் ஜனங்கள் வாங்காமல் ஓடிவிட்டார்கள் என்று வந்திருக்கும். அன்றிலிருந்து எந்தச் சோதனையிலும் விற்பனையைத் தொடுவதற்கு முன் நான் முதலில் பார்ப்பது தலை எண்ணிக்கையைத்தான்.

இரண்டாம் முறை, யார் எந்தக் குழு என்ற பட்டியலை முதல் நாளே பூட்டி வைத்தோம். விற்பனையையும் விளம்பர டாஷ்போர்டிலிருந்து எடுக்காமல் எங்கள் ஆர்டர் பதிவேட்டிலிருந்தே எடுத்தோம். ஒதுக்கிவைத்தவர்களுக்கு விளம்பரமே போகவில்லை, அவர்கள் வாங்கியது அந்த டாஷ்போர்டுக்குத் தெரியவே தெரியாது.

நாலு வாரத்தில் விளம்பரக் குழுவின் 80,000 பேரில் 2,400 பேர் வாங்கியிருந்தார்கள், அதாவது 3 சதவீதம். அதில் 1,300 விற்பனை விளம்பரத்தால் வந்தது என்றது டாஷ்போர்டு. விளம்பரமே பார்க்காத 20,000 பேரில் வாங்கியவர்கள் 560 பேர், 2.8 சதவீதம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி ஒரு கணக்குப் போட்டேன். டாஷ்போர்டு சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் விளம்பரம் இல்லாதபோது 80,000 பேரில் 1,100 பேர்தான் வாங்கியிருக்க வேண்டும். அதே விகிதத்தில் ஒதுக்கிவைத்த 20,000 பேரில் 275 பேர். வாங்கியதோ 560 பேர்! யாரும் துரத்தாமல், நினைவூட்டாமல், தானாக வந்து வாங்கியவர்கள்.

சரி, அப்படியானால் விளம்பரத்தால் உண்மையில் கூடுதலாக வந்தது எவ்வளவு? 2.8 சதவீதம் என்ற விகிதம் விளம்பரக் குழுவிலும் இருந்திருந்தால் 2,240 பேர் வாங்கியிருப்பார்கள். வாங்கியது 2,400. ஆக, கூடுதல் 160. டாஷ்போர்டு உரிமை கோரியது 1,300. ஒரு கூடுதல் விற்பனைக்கு நாங்கள் நினைத்ததைப்போல எட்டு மடங்கு செலவு செய்திருக்கிறோம்.

ஆனால் 160 என்ற எண்ணையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒதுக்கிவைத்த குழுவில் 560 என்பது தற்செயலாக 540 ஆகவோ 590 ஆகவோ வந்திருக்கலாம். அந்த ஊசலாட்டத்தையும் சேர்த்து, 95 சதவீத நம்பிக்கை இடைவெளி போட்டால், கூடுதல் விற்பனை ஏறத்தாழ −50க்கும் 370க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பூஜ்யமும் அதற்குள் அடக்கம். இதைக் கேட்டதும் தம்பிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்போ உங்க சோதனையால ஒண்ணும் நிரூபணம் ஆகலைன்னுதானே அண்ணே அர்த்தம்?"

விளம்பரம் வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு, ஆமாம், இது தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால் 1,300 சரியா என்ற கேள்விக்குத் தெளிவாகவே சொல்லிவிட்டது. இடைவெளியின் மேல் நுனியான 370 கூட அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழேதான். என்னைக் கேட்டால், பட்ஜெட்டைக் குறைக்க அது போதும். பூஜ்யமா 160ஆ என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால் கூட்டம் பெரிதாக வேண்டும். இடைவெளி பாதியாகக் குறைய நாலு மடங்கு ஆட்கள் வேண்டும் என்பது இந்தக் கணக்கின் கசப்பான பகுதி. இது எங்களுக்கு மட்டும் வந்த கஷ்டமும் இல்லை. லூயிஸ், ராவ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 25 விளம்பரச் சோதனைகளை அலசி 2015ல் எழுதிய கட்டுரையின் சாரமே, லட்சக்கணக்கானவர்களை வைத்துச் செய்தாலும் விளம்பரத்தின் லாபத்தைத் துல்லியமாக அளப்பது கஷ்டம் என்பதுதான். மனிதர்கள் வாங்குவதில் இருக்கும் ஏற்ற இறக்கம் அவ்வளவு பெரியது, விளம்பரத்தின் தள்ளல் அவ்வளவு சிறியது.

தம்பி விடவில்லை. மறுநாள் வேறொரு கணக்கோடு வந்தார். விளம்பரக் குழுவில் 80,000 பேர் இருந்தாலும் உண்மையில் விளம்பரம் கண்ணில் பட்டது 48,000 பேருக்குத்தான். அவர்களில் 1,800 பேர் வாங்கினார்கள், 3.75 சதவீதம். பார்க்காதவர்களை எதற்குச் சேர்த்துக் கணக்குப் போடுகிறீர்கள், 3.75ஐ 2.8 உடன் ஒப்பிடுங்கள் என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். நானே ஒரு காலத்தில் இப்படிச் செய்திருக்கிறேன்.

இதில் என்ன கோளாறு என்றால், விளம்பரம் கண்ணில் பட வேண்டுமானால் அவர் அந்த நாட்களில் இணையத்தில் உலாவிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி உலாவுகிறவர் கடைக்கும் வருவார், வாங்கவும் செய்வார். விளம்பரக் குழுவிலேயே விளம்பரம் படாத 32,000 பேரில் வாங்கியது 600 பேர்தான், இரண்டு சதவீதத்துக்கும் கீழே. விளம்பரம் பார்க்காததால் அவர்கள் குறைவாக வாங்கவில்லை. பலர் அந்தப் பக்கமே வரவில்லை. ஒதுக்கிவைத்த குழுவிலும் இதே மாதிரி உலாவுகிறவர்களும் உலாவாதவர்களும் கலந்துதான் இருக்கிறார்கள். ஒரு பக்கம் சுறுசுறுப்பானவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து, மறுபக்கம் எல்லாரையும் வைத்து ஒப்பிட்டால் குலுக்கிப் பிரித்ததற்கே அர்த்தமில்லை. முழுக் குழுவை முழுக் குழுவோடுதான் ஒப்பிட வேண்டும்.

தம்பியின் ஆதங்கத்தில் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. விளம்பரம் படாத அந்த 32,000 பேர் கணக்கில் தற்செயல் ஊசலாட்டத்தைத்தான் கூட்டுகிறார்கள். அதற்கு நேர்மையான வழி ஒன்று உண்டு, கோஸ்ட் ஆட்ஸ் என்பார்கள். ஒதுக்கிவைத்த ஒருவருக்கு நம் விளம்பரம் போயிருக்கவேண்டிய தருணத்தில் காட்டாமல் விட்டு, ஆனால் இவருக்கு இப்போது காட்டியிருப்போம் என்று குறித்துக்கொள்வது. அந்தக் குறிப்பு இருந்தால் பார்த்தவர்களையும், பார்த்திருக்கக்கூடியவர்களையும் நேருக்கு நேர் ஒப்பிடலாம். விளம்பரத் தளமே இதைச் செய்து தந்தால்தான் உண்டு, வெளியிலிருந்து நாம் செய்ய முடியாது.

பெரிய இடத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. 2012ல் ஈபே, தன் பெயரையே தேடுகிறவர்களுக்குக் காட்டிவந்த தேடல் விளம்பரத்தை யாஹூவிலும் மைக்ரோசாஃப்ட் தேடலிலும் நிறுத்திப் பார்த்தது. விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்த கிளிக்குகளில் 99.5 சதவீதம், கீழே இருந்த சாதாரணத் தேடல் முடிவு வழியாக அப்படியே வந்து சேர்ந்தன. பிறகு கூகுளில் மற்ற சொற்களுக்கான விளம்பரத்தையும் அமெரிக்காவின் சில பகுதிகளில் மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள், விற்பனையில் சொல்லும்படி மாற்றமில்லை. எனக்கு அதில் மிகவும் பிடித்தது வேறொன்று. அடிக்கடி வாங்குகிறவர்களிடம் விளம்பரத்தால் ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் புதியவர்களிடமும் எப்போதாவது வருகிறவர்களிடமும் அது வேலை செய்திருந்தது. பணத்தில் பெரும்பகுதி போனதோ முதல் வகையினருக்கு.

அதைப் படித்துவிட்டுத்தான் எங்கள் அடுத்த சோதனையை மாற்றினோம். கூடையில் விட்டு மூன்று நாள்கூட ஆகாதவர்களுக்கு ஒரு ஹோல்டவுட், இரண்டு வாரமாகத் தலைகாட்டாதவர்களுக்குத் தனியாக ஒரு ஹோல்டவுட். என் ஊகம், முதல் வகையினர் தாங்களாகவே வருவார்கள், மறந்துபோனவர்களிடம்தான் நினைவூட்டல் எடுபடும். ஊகம்தான். இந்தமுறை ஒவ்வொன்றிலும் நான்கு லட்சம் பேர், எட்டு வாரம். ஒரே ஆள் வீட்டில் ஒரு கருவியிலும் வேலையிடத்தில் இன்னொன்றிலும் உலாவி இரண்டு குழுவிலும் விழுந்துவிடுவார் என்ற தொல்லை இருக்கிறது. அது வித்தியாசத்தை மங்கலாக்கும். அதனால் உள்நுழைந்த கணக்கு உள்ளவர்களை மட்டும் எடுத்தோம். உள்நுழையாதவர்களைப் பற்றி இந்தச் சோதனை எதுவும் சொல்லாது, அதை முதல் பக்கத்திலேயே எழுதிவைத்துவிட்டேன்.

எட்டு வாரம் முடியும்வரை யாரும் எண்களைத் திறந்து பார்க்கக்கூடாது என்பது ஒப்பந்தம். தினமும் எட்டிப்பார்த்தால் என்றாவது ஒருநாள் நமக்குப் பிடித்த எண் தெரியும், அன்றைக்கே நிறுத்திவிடத் தோன்றும். இன்று பதினோராவது நாள். தம்பி இதுவரை நாலு தடவை கேட்டுவிட்டார், மேலாளர் இரண்டு தடவை.