விருந்தன்று மாத்திரையை இரட்டிப்பாக்கலாமா?

"விருந்து நாளில் கொலஸ்ட்ரால் மாத்திரை ரெண்டு போட்டுக்கோங்க, எவ்வளவு சாப்பிட்டாலும் ஏறாது."

இது தவறு. கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரப்படும் ஸ்டாட்டின் மாத்திரை வயிற்றில் உள்ள எண்ணெயை உறிஞ்சுவதில்லை. கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைக் குறைத்து, ரத்தத்திலிருக்கும் கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல்லை அது கூடுதலாக இழுத்துக்கொள்ளச் செய்கிறது. முழுப் பலன் தெரியச் சில வாரங்களாகும். அளவை நிரந்தரமாக இரட்டித்தாலும் எல்டிஎல் மேலும் சுமார் 6 சதவீதம்தான் குறையும்: 100 இருந்தால் 94. ஒருநாள் இரட்டிப்பால் என்ன கிடைக்கும்? தசைவலி போன்ற பக்கவிளைவுக்கான வாய்ப்புதான் கூடும்.

விருந்தில் சட்டென ஏறுவது ரத்தத்தின் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு. பலகாரத்தின் எண்ணெய் மட்டுமல்ல, இனிப்பின் சர்க்கரையும் காரணம். மிஞ்சியதைக் கல்லீரல் கொழுப்பாக்கிவிடும். மதுவும் சேர்ந்தால் இன்னும் ஏறும். ஏற்கெனவே 500-ஐத் தாண்டியவர்களுக்குக் கணைய அழற்சி அபாயம் உண்டு. அவர்கள் தயவுசெய்து மாத்திரையை இரட்டிக்கச் சொல்லும் அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். வழக்கமான மாத்திரையை, பயணத்திலும் விடாமல், அதே அளவில் போடுங்கள்.