எழுத்து பெரிதானபோது

"அச்சு வந்தது, அறிவு பரவியது." இந்த ஒரு வரியை யாராவது பகிரும்போதெல்லாம் எனக்குக் கை அரிக்கும். இன்று காலையும் ஒரு நண்பர் போட்டிருந்தார், கூடவே குட்டன்பர்க் படம். அவர் பதிவுக்குக் கீழே எழுத ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனதால் இங்கே தனியாகப் போடுகிறேன்.

நம்ம ஊர்க் கணக்கையே பார்ப்போம். தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வந்தது. போர்த்துகீசியப் பாதிரியார் அன்றீக்கி அடிகளார் கொண்டுவந்தது, வெறும் 16 பக்கம். இந்திய மொழிகளில் முதலில் அச்சேறியது தமிழ் என்று நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வது இதை வைத்துத்தான். சரி, அதற்குப் பிறகு என்ன ஆனது? 1579லும் 1586லும் இன்னும் சில மறைநூல்கள் வந்தன. கிட்டத்தட்ட அவ்வளவுதான். அடுத்த இருநூறு வருஷத்துக்கும் மேலாக ஊர்ப் பிள்ளைகள் திண்ணையில் மணலில்தான் எழுதினார்கள், புலவர்கள் ஓலையில்தான் படித்தார்கள். இயந்திரம் மட்டும் போதுமென்றால் 1600லேயே நாமெல்லாம் படித்தவர்களாகியிருக்க வேண்டும்.

அப்படியானால் எதுதான் மாற்றியது? பிரதிகள் பெருகியதைவிட, எழுத்தின் உருவம் மாறியதுதான் முக்கியம் என்பது என் கட்சி. ஓலையில் புள்ளி கிடையாது. எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒரே கோடு. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, நிறுத்தற்குறி இல்லை, செய்யுளென்றால் அடிகூடப் பிரிக்காமல் ஓலையின் ஓரம் வரை ஓடும்.

ஒரு சொல்லை எடுத்துப் பாருங்கள். ஓலையில் 'கொல' என்று இருக்கிறது. அது கொல், கோல், கொல, கோல ஆகிய நான்கில் எதுவாகவும் இருக்கலாம். காலை ரகரமாக எடுத்துக்கொண்டால் 'கெரல்', 'கேரல்' என்று வேறு திசைக்கே போய்விடும். ராஜா கையில் இருப்பது கோலா, அவர் கொல்லச் சொன்னாரா என்பதை முன்னும் பின்னும் படித்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஆகவே, பாட்டை ஏற்கெனவே அறிந்தவன்தான் ஓலையைப் படிக்க முடியும். தெரிந்ததை நினைவூட்டத்தான் ஓலை. தெரியாததைத் தெரிந்துகொள்ள ஓர் ஆசிரியர் வேண்டும், அவர் உங்களைத் திண்ணையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். யாரை ஏற்றிக்கொண்டார்கள், யாரை ஏற்றவில்லை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அச்சு வந்தவுடன் இது சரியாகிவிடவில்லை. முதல் அச்செழுத்துகள் ஓலையைப் பார்த்து வார்த்தவை, ஓலையின் குறைகளும் ஈயத்தில் அப்படியே இறங்கின. எகர ஏகார வேறுபாட்டை எழுத்தில் காட்டும் வழியை வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் சொன்னார். புள்ளியும் இடைவெளியும் காற்புள்ளியும் வழக்கமாக நிலைத்தது 19ஆம் நூற்றாண்டில்தான்.

இடையில் தரங்கம்பாடி. அங்கிருந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவுக்கு லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் 1712லும், ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் அடுத்த ஆண்டும் வந்து சேர்ந்தன. வந்த எழுத்தைப் பார்த்தால் சிக்கல், ஒவ்வொன்றும் அத்தனை பெரிது. காகிதமோ கப்பலில் வர வேண்டும். அந்த எழுத்தில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் இருக்கிற காகிதம் பாதிப் புத்தகத்துக்குக்கூடக் காணாது. அதனால் ஆட்லர் என்பவர் அங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார், 1715இல் புதிய ஏற்பாடு முடிந்தது. பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலையும் போட்டார்கள். அச்சுத் தொழிலின் பாதித் தலைவலி காகிதம்தான் என்பதை அச்சகத்தில் வேலை பார்த்த எவரும் ஒப்புக்கொள்வார்கள். இந்தச் சின்ன எழுத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்கு வருகிறேன்.

அடுத்த தடை அரசு. 1761இல் பாண்டிச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர்கள் அங்கிருந்த அச்சு இயந்திரத்தையும் தூக்கிவந்து வேப்பேரி மிஷனில் வைத்தார்கள், அரசு வேலையையும் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. அச்சு என்றால் கும்பெனிக்குப் பயம். இலங்கையில் இன்னும் மோசம். 1820இல் அமெரிக்க மிஷனுக்காக ஓர் அச்சாளர் யாழ்ப்பாணம் வந்து இறங்குகிறார், ஆளுநர் பார்ன்ஸ் அனுமதி மறுத்து அவரைத் தீவைவிட்டே அனுப்பிவிடுகிறார். இந்தப் பக்கம் 1812இல் ஞானப்பிரகாசன் சென்னையில் திருக்குறளை அச்சில் கொண்டுவந்தாரே என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் அது விதிவிலக்கு. 1835இல் கவர்னர் ஜெனரலாக இருந்த மெட்காஃப் கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு, அச்சிடுபவர் பெயரையும் இடத்தையும் பதிந்துவிட்டால் போதும், யாரும் அச்சுக்கூடம் வைக்கலாம் என்று ஆனது. 1578க்கும் 1835க்கும் இடையே 257 வருஷம்!

கதவு திறந்ததும் சூடு பிடித்தது. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னை வந்து ஓர் அச்சு இயந்திரம் வாங்கி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைக்குக் கொண்டுபோனார். மிஷனரிகளோடு வேலை செய்து கற்ற வித்தையை அவர்களுக்கு எதிராகவே திருப்பினார். அவருடைய சமூகப் பார்வையோடு எனக்கு ஒட்டாது, சாதி விஷயத்தில் அவர் நின்ற இடம் வேறு. ஆனால் பிள்ளைகளுக்கான பாடநூலான பாலபாடத்தை உரைநடையில், குறிகள் இட்டு, சந்தி பிரித்து அச்சிட்டபோது, ஆசிரியர் பக்கத்தில் இல்லாமலும் ஒரு பையன் வாசிக்கலாம் என்ற நிலை வந்ததே, அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். தான் யாருக்குக் கற்றுத்தர விரும்பினோம் என்பதை அச்சிட்டவர் தீர்மானிக்கலாம், யார் வாங்கிப் படிப்பார்கள் என்பதைத் தீர்மானிக்க முடியாது.

ஆனாலும் இவையெல்லாம் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு. 1901 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 5 பேர்தான். அச்சு அதற்குள் எத்தனை வேலை செய்திருந்தும் இவ்வளவுதான். பள்ளிக்கூடம் வராத இடத்தில் புத்தகம் தனியாக எதையும் சாதிக்காது.

அந்த நிலைமையில்தான் வந்தது, எங்கள் பேராசிரியர்கள் ஒருகாலத்தில் மூக்கைச் சுளித்த 'பெரிய எழுத்து' புத்தகங்கள். பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை. சென்னைக் குஜிலிச் சந்தைக் கடைகளில் அணாக் கணக்கில் விற்றார்கள். வெள்ளம், கொலை, ரயில் விபத்து என எது நடந்தாலும் பாட்டாக்கி மெல்லிய தாளில் அடித்துவிடுவார்கள். காகிதத்தை மிச்சம்பிடிக்கச் சின்ன எழுத்து வார்த்தார்கள் தரங்கம்பாடியில். இவர்கள் காகிதம் போனால் போகட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கினார்கள், அதை அட்டையிலேயே போட்டு விற்றார்கள். ஏனென்றால் வாங்குகிறவர் பண்டிதர் இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர், ராத்திரி சிம்னி விளக்கில் படிக்கிறவர், சுற்றி உட்கார்ந்த பத்துப் பேருக்காக உரக்கப் படிக்கிறவர். ஒரு புத்தகம் விற்றால் ஒரு வாசகர் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தப் பத்துப் பேரை எந்தப் பட்டியலிலும் சேர்ப்பதில்லை.

என் ஆச்சி பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா நல்லதங்காளை வாசிக்கக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் கதை மனப்பாடம். பிறகு அந்தப் புத்தகத்தையே மடியில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த வரியின் மேல் விரலை நகர்த்தி நகர்த்தி, எந்த எழுத்து எந்தச் சத்தம் என்று தானே கண்டுபிடித்தாள். அட்டை போன அந்தப் புத்தகம் இன்னும் வீட்டில் இருக்கிறது. நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் போடும் பக்கத்தில் மட்டும் விரல் பட்ட அழுக்கு மற்ற பக்கங்களைவிட அதிகம்.