கொட்டாவியும் ஆக்சிஜனும்

"உடம்பில் ஆக்சிஜன் குறைந்தால்தான் கொட்டாவி வரும்."

பள்ளியிலேயே பலரும் கேட்டதுதான், ஆனால் சோதனையில் நிற்கவில்லை. 1987இல் ராபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் குழுவினரும் மாணவர்களைச் சுத்த ஆக்சிஜனையும், கார்பன் டை ஆக்சைடு கூடுதலாகக் கலந்த காற்றையும் சுவாசிக்க வைத்துப் பார்த்தார்கள். கார்பன் டை ஆக்சைடு கூடியபோது மூச்சு வேகமெடுத்தது, கொட்டாவி கூடவில்லை. சுத்த ஆக்சிஜனில் அது குறையவும் இல்லை.

நீங்களே பார்க்கலாம். அடுத்த கொட்டாவி கிளம்பும்போது பல்லை இறுகக் கடித்துக்கொள்ளுங்கள். மூக்கு வழியே காற்று தாராளமாகப் போகும், ஆனாலும் கொட்டாவி பாதியில் மாட்டிக்கொண்டதுபோல் இருக்கும். காற்று மட்டும் போதாது, தாடையும் விரிய வேண்டும்.

மூளையைக் குளிர்விக்கத்தான் கொட்டாவி வருகிறது என்று சிலர் சொல்வது இன்னும் விவாதத்தில் இருக்கும் கருத்து. பெருமூச்சும் இப்படித்தானா என்றால், அது வேறு சங்கதி, நுரையீரலில் சுருங்கிப்போன காற்றறைகளை விரித்துவிடுகிறது.