சுற்றறிக்கையைத் திருத்தியவர்களுக்கு

மழைக்காகப் பிள்ளைகளை மதியமே அனுப்பச் சொன்ன சுற்றறிக்கையைத்தான் சொல்கிறேன், காலையிலிருந்து எல்லா ஆசிரியர் குழுவிலும் அதுதான் ஓடுகிறது. தலைமை ஆசிரியர் பேச்சுத் தமிழில் எழுதிவிட்டாராம், ஒருவர் அதை "நல்ல தமிழில்" மாற்றிப் போட்டாராம், ஆளாளுக்குக் கைதட்டல். இரண்டையும் பக்கத்தில் வைத்து யாராவது படித்தீர்களா?

அவர் எழுதியது இது: "மழை ஜாஸ்தியா இருக்கறதால மத்தியானம் சாப்பாடு போட்டதும் பசங்கள அனுப்பிடுங்க. சின்ன கிளாஸ் பசங்கள பேரண்ட்ஸ் வந்தாதான் அனுப்பணும். யாரும் வரலைன்னா கிளாஸ் டீச்சர் கூடவே இருக்கணும், எனக்கும் சொல்லிடுங்க."

திருத்தியது: "தொடர்மழை காரணமாக மதிய உணவுக்குப் பின் மாணவர்களை அனுப்பி வைக்குமாறு ஆசிரியப் பெருமக்கள் அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். சிறு வகுப்பு மாணவர்களைப் பெற்றோருடன் அனுப்பவும்."

ஒற்றுப்பிழை இல்லை, சரி. ஆனால் "வந்தாதான்" எங்கே போனது? அந்தத் "தான்" ஒரு நிபந்தனை. எழுத்துத் தமிழில் "வந்தால் மட்டுமே" என்று வந்தாக வேண்டும். பெற்றோர் வராவிட்டால் ஆசிரியர் கூடவே இருக்க வேண்டும் என்பதும், தலைமை ஆசிரியருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அடியோடு காணோம். "அனுப்பிடுங்க" என்ற உத்தரவு அன்பான வேண்டுகோளாகிவிட்டது. கட்டளை குறைந்தால் அது திருத்தம் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூத்த தமிழாசிரியர் ஒருவர் இதைச் சொல்லிக் கொடுத்தார். மூலத்தில் யார், என்ன செய்ய வேண்டும், எப்போது, இல்லாவிட்டால் என்ன என்று பென்சிலால் எண் போடு. எழுதி முடித்ததும் அதே எண்களைப் புதியதிலும் போடு. ஓர் எண் குறைந்தால் தாளைக் கிழி. இந்தச் சுற்றறிக்கையில் நான்கு எண் விழும், திருத்தியதில் இரண்டுதான் தேறும், அதிலும் ஒன்று அரைகுறை.

இப்படி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

"மழை அதிகமாக இருப்பதால், இன்று மதிய உணவு வழங்கியவுடன் மாணவர்களை வீட்டிற்கு அனுப்பிவிட வேண்டும். சிறு வகுப்பு மாணவர்களைப் பெற்றோர் வந்தால் மட்டுமே அனுப்ப வேண்டும். எவரும் வராத நிலையில் வகுப்பாசிரியர் மாணவருடனேயே இருக்க வேண்டும். தலைமை ஆசிரியருக்கும் தெரிவிக்க வேண்டும்."

"சிறு வகுப்பு" என்றால் எதுவரை என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுத்தான் வகுப்பைக் குறிப்பிட வேண்டும். நாமாக ஒன்று முதல் மூன்று என்று போட்டால் நான்காம் வகுப்புப் பிள்ளை தனியாக நடந்து போகும்.

"தலைமை ஆசிரியரே பிழையாக எழுதலாமா" என்கிறீர்கள். எழுதக் கூடாதுதான், பதிவேட்டில் ஒட்டிக் கையொப்பம் வாங்கும் தாள் அது. ஆனால் கொட்டும் மழையில் ஒவ்வொரு பிள்ளையையும் நினைத்து எழுதிய மனிதரைத்தான் காலையிலிருந்து கேலி செய்கிறீர்கள். இதைக் குழுவில் சொன்னதற்கு எனக்குப் பொறாமை என்றார்கள். இருபது பேர் அதற்கும் விருப்பக்குறி போட்டிருக்கிறார்கள், அதில் என்னோடு படித்தவர்களும் உண்டு, வலிக்கத்தான் செய்கிறது. போகட்டும். அந்தத் திருத்திய தாளை மட்டும் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள், அதைப் பார்த்து யாராவது பிள்ளைகளை அனுப்பிவிடப் போகிறார்கள்.