கோணல் என்று சிரித்த அந்த மொக்கப் பற்றி

நேற்றிலிருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்விதான். கண்டி வீதி பஸ் தரிப்பிடத்து விளம்பர மொக்கப் நீ செய்ததா, ஏன் அதைக் கழித்துவிட்டார்கள் என்று. ஆமாம், நான் செய்ததுதான். குழுவில் அதையும், அதற்குப் பதிலாகக் கடைக்காரர் ஒப்புதல் கொடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு "இடது பக்கம் மங்கல், கோணல், இதுக்கெல்லாம் காசா" என்று எழுதியிருந்தார்களே, அந்த இடது பக்கம் என்னுடையது. அதற்குக் கீழே சிரிப்புப் படம் போட்டவர்களில் நாலைந்து பேர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். சரி, அது இருக்கட்டும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மொக்கப் என்பது கடைக்காரரைச் சந்தோஷப்படுத்தும் படம் இல்லை. விளம்பரம் அந்த இடத்தில் எப்படித் தெரியும் என்று காட்டி, அச்சடிக்க முதல் பிழையைப் பிடிக்கிற படம்.

என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்கிறேன். அந்தத் தரிப்பிடத்தின் ஓரத்தில் நாலடி அகலம் ஆறடி உயரத்தில் ஒரு பலகை இருக்கிறது. உள்ளே விளக்கு இல்லாத வெறும் சட்டம், அதில் ப்ளெக்ஸ் இழுத்துக் கட்ட வேண்டும். நான் இரண்டு தடவை போய்ப் படம் எடுத்தேன். ஒன்று பின்னேரம் நாலரைக்கு, மற்றது இரவு ஏழேகாலுக்கு. அதே நடைபாதையில், ஒரு பத்தடி தள்ளி, கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு. ஏன் நடைபாதையில் என்றால், பஸ்ஸுக்கு வருகிற சனம் அந்தப் பக்கமாகத்தான் நடந்து வரும். முன்னுக்கு நேராக நின்று பார்க்க வேண்டும் என்றால் நடுவீதியில் நிற்க வேண்டும், அங்கே யார் நிற்பார்கள்?

அப்படி நின்று எடுத்தால் பலகை சாய்வாகத்தான் தெரியும். என் படத்தில் கிட்ட இருக்கிற விளிம்பு 1200 பிக்சல், தூர விளிம்பு 900. கைபேசி ஐந்தடி உயரத்தில், பலகையின் அடி ஒன்றரை அடியில், உச்சி ஏழரை அடியில். அதாவது கண்மட்டத்துக்கு மேலே இரண்டரை அடி, கீழே மூன்றரை அடி. அதனால் மேல் விளிம்பு தூரம் போகப் போக 125 பிக்சல் இறங்குகிறது, கீழ் விளிம்பு 175 பிக்சல் ஏறுகிறது. இரண்டும் சமமாக வராது, வரவும் கூடாது.

வலது பக்கத்துப் படத்தில் இரண்டும் சமம். போட்டோஷாப்பில் Ctrl+T போட்டு Perspective எடுத்து ஒரு மூலையை இழுத்தால், அதே விளிம்பின் மற்ற மூலையும் எதிர்ப்பக்கமாக அதே அளவு தானாக நகரும். மேலே 150, கீழே 150. சட்டத்துக்குள் பொருந்தவில்லை என்று ஓரத்தை வெட்டி மறைத்திருக்கிறார்கள். Distort எடுத்து நாலு மூலையையும் தனித்தனியாக உட்கார வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. யாரும் சோதித்துப் பார்க்கலாம். கூரை விளிம்பில் ஒரு கோடு, வாங்கின் விளிம்பில் ஒரு கோடு, நடைபாதைக் கல்லில் ஒரு கோடு என்று நீட்டுங்கள். மூன்றும் கண்மட்டத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேரும். பலகையின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் அதே புள்ளிக்குப் போக வேண்டும். என்னுடையதில் போகிறது. மற்றதில் மேல் கோடு புள்ளிக்குக் கீழே போய் விழுகிறது. கோணல் எது என்று இப்போது நீங்களே பாருங்கள்.

இதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. அப்பா போர்ட் எழுதுகிறவர். திருகோணமலையில் பழைய ஆட்கள் சிலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். சுவரில் எழுத முதல் நீல மாவு தடவிய நூலை நான் ஒரு மூலையில் பிடிக்க, அவர் எதிர் மூலையில் பிடித்து, நடுவில் இழுத்து விடுவார். டப் என்று சுவரில் நீலக்கோடு விழும். அப்புறம் மற்ற இரண்டு மூலைக்கும் அதேபோல. இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் நடு, அளவு நாடா தேவையில்லை. எட்டு வயதில் அந்த நீல மாவு என் விரலில் ஒட்டிக்கொண்டே இருக்கும், சாப்பிடும்போதும் இருக்கும்.

சாய்ந்த பலகையிலும் அதே வேலைதான். என் படத்தில் பலகையின் அகலம் 420 பிக்சல். பாதி 210 என்றுதான் யாரும் நினைப்பார்கள். மூலைக்கு மூலை கோடு போட்டால் கிட்ட விளிம்பிலிருந்து 240இல் வெட்டுகிறது. அதுதான் உண்மையான நடு. தலைப்பின் நடு எழுத்து அங்கே விழவில்லை என்றால் படம் சாய்க்கப்படவில்லை, வெறுமனே நசுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். மற்றப் படத்தில் கடையின் சின்னத்தைத் தனியாகச் சரியாக 210இல் வைத்திருக்கிறார்கள். பார்க்கிறவருக்கு ஏதோ ஒட்டியது மாதிரித் தெரியும், ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியாது.

இன்னொன்றும் கவனியுங்கள். கிட்ட விளிம்பில் ஆறடி 1200 பிக்சல் என்றால், நாலடி அகலம் நேராக நின்று பார்த்தால் 800 பிக்சல் வர வேண்டும். நடந்து வருகிறவருக்கு 420தான். ஏறத்தாழப் பாதி. அப்படியென்றால் ஒரே வரியில் நீளமாக எழுதிய தலைப்பு அந்தச் சனத்துக்கு நெருக்கிய கம்பி வேலி மாதிரித்தான் தெரியும். நான் தலைப்பை இரண்டு வரியாக உடைத்ததற்கு இதுதான் காரணம். "தலைப்பை ஏன் உடைத்தாய்" என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருக்குத்தான் இந்தப் பதில்.

இனி வெளிச்சம். எல்லாரும் "மங்கல்" என்று சொன்னது இதைத்தான்.

அந்தத் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் இருப்பது பழைய மஞ்சள் சோடியம் விளக்கு. கடைக்காரர் கேட்ட வடிவமைப்பு கடும் நீலப் பின்னணியில் கருஞ்சிவப்பு எழுத்து. கணினித் திரையில் நன்றாகத்தான் இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சோடியம் விளக்கில் நீலம் அநேகமாக இல்லை. இல்லாத நிறத்தைப் பலகை எப்படித் திருப்பிக் கொடுக்கும்? நீலம் கறுப்பாகிவிடும், கருஞ்சிவப்பு மண்நிறமாகிவிடும். கறுப்புக்கு மேல் மண்நிறம். நான் செய்தது, இரவுப் படத்தில் பக்கத்துச் சுவரின் வெள்ளை என்ன நிறமாக விழுந்திருக்கிறதோ அதே நிறத்தை எடுத்து, கீழே இருக்கிற நிறங்களை இருட்டாக்குகிற Multiply அடுக்காகப் பலகைக்கு மேல் போட்டதுதான். அதோடு கூரையின் நிழல். விளக்கு உயரத்தில் இருப்பதால் கூரை விளிம்பின் நிழல் பலகையின் மேல் ஒன்றேகால் அடியில் விழுகிறது. சரியாகத் தலைப்புக்கென்று விட்டிருந்த இடத்தில்! மேலே வெறுமை விட்டு அதில் தலைப்பு வைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் இந்தப் பலகையில் அந்த இடம் இரவு முழுக்க இருட்டு. அதைக் காட்டத்தான் மங்கலாக வைத்தேன். கூடவே, பின்னணியை வெளிர் மஞ்சளாக்கி, எழுத்தைக் கறுப்பாக்கி, தலைப்பை நடுவுக்கு இறக்கி இன்னொரு படமும் அனுப்பினேன். அதை யாரும் குழுவில் போடவில்லை.

கடைக்கார அண்ணன் தொலைபேசியில் சொன்னது, "தம்பி, நான் கேட்டது என்ர கடை விளம்பரம், நீர் அனுப்பினது மின்வெட்டு." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தது எனக்குக் கேட்டது. நான் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

"இணையத்தில் இலவசமாக மொக்கப் கோப்பு கிடக்கிறதே, அதில் போட்டால் போதாதா" என்று கேட்பவர்களுக்கு: கிடக்கிறது, நானும் பாவிக்கிறேன், ஒரு சின்னம் எப்படி இருக்கும் என்று சும்மா காட்ட அது போதும். ஆனால் அதில் இருப்பது மழை பெய்து ஈரமான ஏதோ ஓர் ஐரோப்பிய வீதி. பலகைக்குள்ளேயே விளக்கு எரியும், அதனால் வெள்ளை பளிச்சென்று இருக்கும், கீழே தரையிலும் அதன் வெளிச்சம் விழும். நம்முடைய பலகைக்குள் விளக்கே இல்லை. இல்லாத விளக்கை எரியவைத்துக் காட்டி ஒப்புதல் வாங்கினால், அது கடைக்காரரை ஏமாற்றுவது. கடுமையான சொல்தான், எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

"வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுக்க வேண்டியதுதானே" என்பவர்களுக்கு என்ன சொல்ல. கேட்டதைத்தான் கொடுத்தேன். அது இரவில் எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்துக் கொடுத்தேன்.

விலை பற்றி ஒருவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இரண்டு தடவை போய் வந்து, ஒரு நாள் முழுக்க இருந்து செய்கிற வேலை சிறிய கடைக்கு அதிகம்தான். சுவரில் ஒட்டும் சின்ன நோட்டீசுக்கு இது தேவையில்லை, நானே வேண்டாம் என்று சொல்லுவேன். மாதக்கணக்கில் வாடகை கட்டி வைக்கிற பலகைக்குத் தேவை.

அப்புறம் தமிழ். இதை எழுதாமல் விட முடியவில்லை. நான் வைத்த தலைப்பு இடத்தில் தமிழ் மேலே, சிங்களமும் ஆங்கிலமும் அதன் கீழே. ஒப்புதல் ஆன படத்தில் ஆங்கிலம் பெரிதாக மேலே, தமிழ் அடியில் ஒரு நாடா மாதிரி. அந்த இலவசக் கோப்புகளில் தலைப்புக்கு விடுகிற இடம் ஆங்கிலத்தின் இரண்டு குட்டிச் சொல்லுக்கு அளந்தது. அதே விஷயத்தைத் தமிழில் சொன்னால் வரி நீளும். மேலே விலங்கும் புள்ளியும், கீழே உகரச் சுழியும் இருக்கிற எழுத்து இது. வரிக்கு வரி இடைவெளி விடாவிட்டால் மேல் வரியின் "ழு"வும் கீழ் வரியின் "கி"யும் முட்டிக்கொள்ளும். இடம் போதவில்லை என்றவுடன் எல்லாரும் செய்வது தமிழைச் சின்னதாக்குவது. உவர்மலையிலிருந்து நிலாவெளி வரைக்கும் போகிற வழியில் பாருங்கள், எத்தனை பலகையில் தமிழைப் படிக்கக் கிட்டப் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அப்பா ஒவ்வொரு சொல் எழுதி முடிந்ததும் தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு வீதியைக் கடந்து அந்தப் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு வருவார். வெயிலில், ஒரு சுவருக்கு இருபது முப்பது தடவை. அவர் நடந்தார். நான் அதையே கணினியில் செய்தேன். அதற்குத்தான் இந்தச் சிரிப்பு.

வியாழக்கிழமை பலகை ஏறிவிட்டது. வலது பக்கத்து வடிவமைப்புத்தான். நேற்று இரவு ஏழரைக்கு அந்தப் பக்கம் போனேன். ஒரு அம்மா வாங்கில் இருந்தார், கூட ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. பிள்ளை பலகையைக் காட்டி "அம்மம்மா, இதில என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்டாள். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தெரியேல்ல பிள்ளை, பஸ் வருதா பார்" என்றார்.

வெளிர் மஞ்சள் கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. அண்ணன் கேட்டால் அனுப்புவேன். காசு வேண்டாம்.