மலம் எடுத்தாலே போலியோவா?

"சொட்டு மருந்து குடுத்த அடுத்த வாரமே கடலூர் முதுநகர்ல ஒரு பிள்ளைக்குக் கால் விழுந்துடுச்சு. மலம் எடுத்துட்டுப் போனாங்க. அப்போ மருந்தாலதான் போலியோ வருது!"

மலம் எடுத்ததை வைத்து அப்படிச் சொல்ல முடியாது அண்ணே. 15 வயதுக்குள் யாருக்குத் திடீரெனக் கை கால் துவண்டாலும், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை மலம் எடுத்து ஐஸில் வைத்து அனுப்புவார்கள். கை கால் துவண்டு 14 நாள் தாண்டினால் வைரஸ் இருந்தும் சிக்காமல் போகலாம். பெரும்பாலும் கில்லன் பாரே என்ற நரம்பு நோய் போன்ற வேறு நோயாகத்தான் இருக்கும். அப்படிக் கேஸே வராத மாவட்டத்தில்தான் கண்காணிப்பு தூங்குகிறதோ என்று சந்தேகப்படுவார்கள்.

'சொட்டு மருந்தில் உயிருள்ள வைரஸ் இருக்கு' என்று இன்னொருவர் சொன்னது பாதி சரி. அது பலவீனப்படுத்திய வைரஸ். குடித்த பிள்ளையையே அது தாக்குவது பல லட்சம் டோஸுக்கு ஒன்று; முதுநகர்ப் பிள்ளைக்கு என்ன என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். தடுப்பு மருந்து பலருக்குக் கிடைக்காத இடத்தில் அது மாதக்கணக்கில் பிள்ளைக்குப் பிள்ளை பரவி, மாறி, மறுபடி வீரியம் பெறலாம். இதில் அதிகம் தொல்லை தந்த 2ஆம் வகை போலியோ வைரஸை 2016 ஏப்ரலில் வழக்கமான சொட்டு மருந்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

'என் மகளுக்கு ஊசியும் போட்டாங்களே' என்ற அக்காவுக்கு: ஊசியில் இருப்பது செத்த வைரஸ், பரவாது.