எதை வெட்டுவது, எதை விடுவது: ஒரு வன்னிப் பிள்ளையின் பேர்சனல் ஸ்டேட்மென்ட்

வெளிநாட்டில் மாஸ்டர்ஸ் படிக்க விண்ணப்பிக்கிற எங்கட பிள்ளைகள் பேர்சனல் ஸ்டேட்மென்டை எழுதிவிட்டு "அண்ணை, ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்று அனுப்புவார்கள். கிளிநொச்சியோ முல்லைத்தீவோ நெடுங்கேணியோ, எங்கிருந்து வந்தாலும் முதல் பக்கம் ஏறத்தாழ ஒன்றுதான். இடம்பெயர்வு, முள்ளிவாய்க்கால், செட்டிகுளம் முகாம், பிறகு மீள்குடியேற்றம். அதற்குப் பிறகுதான் என்ன படித்தார்கள் என்பதே வரும். அந்த முதல் பக்கத்தைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. சிலருக்குக் கோபம் வரக்கூடும், பரவாயில்லை.

அண்மையில் பார்த்த ஒன்றை வைத்தே சொல்கிறேன். அதை எழுதிய தங்கச்சியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிற குடும்பம். அறிவியல்நகரில் விவசாயபீடத்தில் படித்து முடித்தவள். நெதர்லாந்தில் நீர் முகாமைத்துவம் படிக்க விண்ணப்பம். கேட்டிருந்தது 500 சொல். அவள் எழுதியிருந்தது 1,140.

அந்த 1,140க்குள் என்னென்ன இருந்தன? போரும் முகாமும் 400க்கு மேல். பாடசாலையில் மாணவத் தலைவியாக இருந்தது. ஏ.எல் பெறுபேறு. 2018 டிசம்பர் வெள்ளத்தில் உலருணவுப் பொதி கட்டிக் கொடுத்தது. ஒரு தொண்டு நிறுவனத்தில் பயிற்சி. ஒன்லைனில் எடுத்த சான்றிதழ்கள். இறுதியாண்டு ஆய்வு. பிறகு, ஒரு வசனத்தின் வாலில் தொங்கிக்கொண்டு, "அப்பாவின் கமக்கார அமைப்பு வேலைகளிலும் உதவியுள்ளேன்" என்று அரை வரி.

இதில் பாதியை வெட்ட யோசிக்கவே தேவையில்லை. ஏ.எல் பெறுபேற்றை மாஸ்டர்ஸுக்கு ஆள் எடுக்கிறவர் பார்க்கப்போவதில்லை, அவருக்குத் தேவை பட்டப் பெறுபேறு, அது தனிச் சான்றிதழாகப் போகிறது. சான்றிதழ்களும் பயிற்சியும் சீவியில் இருக்கின்றன. அங்கே இருப்பதையே இங்கே திரும்ப எழுதினால் சொல்தான் வீண். மாணவத் தலைவிப் பட்டியைக் கழற்றி வைக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கழற்றினாள்.

சிக்கல் மிச்சத்தில்தான் தொடங்கியது.

போர்ப் பகுதியை வெட்டுவோம் என்றதும் அவளின் மாமா குறுக்கே வந்தார். "அதை எழுதினால்தான் தம்பி அவங்கள் இரக்கப்பட்டு எடுப்பாங்கள்." இந்தக் கதை வன்னி முழுக்க இருக்கிறது, இன்றைக்கும் பிள்ளைகளைக் கெடுக்கிறது. அந்தக் கடிதத்தை வாசிக்கிறவர் பெரும்பாலும் அதே துறையில் படிப்பிக்கிற விரிவுரையாளர். இந்தப் பிள்ளை எங்கட பாடத்தைத் தாங்குமா, ஏன் எங்கட படிப்பையே தேடி வருகுது, ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகத் தெரியுமா என்று பார்க்கத்தான் அவர் இருக்கிறார். உங்கள் துயரத்தை வாசித்து அவர் கலங்கலாம். ஆனால் அதற்குப் புள்ளி போட அவரிடம் கட்டம் இல்லை. 400 சொல்லை அங்கே செலவழித்தால், புள்ளி போடக்கூடிய இடத்துக்கு 100தான் மிஞ்சும்.

அதற்காக எல்லாவற்றையும் மறைக்கச் சொல்கிறவன் நான் இல்லை. வாழ்க்கைப் பின்னணியைத் தனியாகவே கேட்கிற பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. அமெரிக்காவில் பெர்க்லியில் படிப்பு நோக்கத்துக்கு ஒரு கடிதம், சொந்த வரலாற்றுக்கு இன்னொரு கடிதம். அங்கே அது கேட்ட கேள்விக்கே பதில், தாராளமாக எழுதலாம். ஒரே ஒரு கடிதம் கேட்கிற இடத்தில்தான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு: எழுதுகிற எதையும் நேர்முகத்தில் கேட்கலாம். முன்பின் தெரியாத ஒருவர் திரையில் இருந்துகொண்டு பங்கரைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்டால் பதில் சொல்வியோ என்று கேட்டேன். "ஏலாது அண்ணை" என்றாள். விருப்பமில்லாததைக் கதவில் எழுதி ஒட்டுவானேன்?

சரி, அந்த அரை வரி என்ன என்று கேட்டேன். அதுதான் ஆளை மாற்றிவிட்டது.

2010இல் திரும்பி வந்தபோது அவர்களின் வாய்க்கால் புல்லும் மண்ணும் மூடிக் கிடந்ததாம். முதல் காலபோகத்துக்கு முன்னம் ஊரே இறங்கித் துப்பரவாக்கியது. ஆனால் யாருக்கு எத்தனை ஏக்கர், எந்த நாள் யாருக்குத் தண்ணி என்று எழுதியிருந்த கொப்பி இடம்பெயர்வில் துலைந்துபோனது. ஆளுக்கொரு ஞாபகம், அதனால் ஆளுக்கொரு சண்டை. அப்பா அமைப்பின் செயலாளர். புதுக் கொப்பி ஒன்றைத் தொடங்கினார். அவரின் எழுத்து அவருக்கே விளங்காது என்பதால் எழுதியவள் மகள். ஏ.எல் படிக்கும் மட்டும் அந்தக் கொப்பி அவள் கையில்தான். முறை மாறின நாள், தண்ணி வந்து சேராத வயல், யார் முறைப்பட்டது, எல்லாம் அதில் இருக்கிறது.

சிறுபோகத்தில் இந்தக் கொப்பி எவ்வளவு பெரிய விசயம் என்பது வயல் செய்கிற ஆட்களுக்குத் தெரியும். இரணைமடுவின் முழுக் கொள்ளளவு 36 அடி. குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். எல்லாக் காணிக்கும் கிடைக்காது, பங்கு பிரிக்க வேண்டும். பங்கில் இல்லாத வயலுக்கு இரவில் யாராவது ஒரு வெட்டு வெட்டினால், வாய்க்காலின் கடைசியில் இருக்கிறவனுக்குப் பயிர் காயும்.

இனி அவளின் இறுதியாண்டு ஆய்வு. ஒரு கிளை வாய்க்காலின் தலைப்பிலும் கடைசியிலும் எவ்வளவு தண்ணி ஓடுகிறது என்று அளந்திருக்கிறாள். ஓட்டமானி இல்லை, மிதவை முறைதான். அளந்து குறித்த தூரத்தில் ஒரு மிதவையை விட்டு நேரம் எடுத்து, மேற்பரப்பு வேகத்தை 0.85 அளவிலான ஒரு எண்ணால் குறைத்து, வாய்க்காலின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்குவது. தலைப்பில் போனதில் மூன்றில் ஒரு பங்கு கடைசிக்கு வரவில்லை. அதை "கசிவு இழப்பு" என்று அறிக்கையில் எழுதி, சித்தியும் அடைந்துவிட்டாள்.

கடிதத்தில் இந்த ஆய்வுக்கு இருந்தது இரண்டே வரி: ஆய்வின் பெயர், கிடைத்த புள்ளி.

"மூண்டில ஒண்டு முழுக்கக் கசிஞ்சுதான் போச்சுதோ?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "இல்லை அண்ணை. கொப்பியைப் பாத்தால், முறை இல்லாத நாளிலயும் இடையில தண்ணி எடுத்திருக்கினம். எது கசிவு, எது எடுத்தது எண்டு என்ர அளவையை வைச்சுப் பிரிக்கேலாது." பிரிக்க வழி இருக்கிறதா என்றால் இருக்கிறது. வாய்க்காலின் ஒரு துண்டை இரண்டு பக்கமும் அடைத்து, தண்ணியைத் தேக்கி, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. ஆவியாதலைக் கழித்தால் மிச்சம் கசிவு. ஆனால் பயிர் நிற்கிற நேரத்தில் வாய்க்காலை அடைக்க எந்தக் கமக்காரன் விடுவான்? ஆகவே செய்யவில்லை.

இதை ஏன் எழுதவில்லை என்றால், "ஆய்வில் குறை இருக்கெண்டு நானே சொல்லுறதோ?" என்கிறாள். பெரும்பாலான பிள்ளைகள் தடுக்குப்படுகிற இடம் இதுதான். வெற்றியை வைத்துக்கொண்டு கேள்வியை வெட்டிவிடுகிறார்கள். புள்ளி எப்படியும் சான்றிதழில் இருக்கிறது. தன் அளவையால் எதைச் சொல்ல முடியாது என்று இந்தப் பிள்ளைக்குத் தெரியும் என்பது வேறு எந்தத் தாளிலும் இல்லை, பரிந்துரைக் கடிதத்தில்கூட வராது. மாஸ்டர்ஸுக்குப் போகிற காரணமே அந்த விடுபட்ட கேள்விதான். அவள் தெரிவு செய்த படிப்பில் ஓட்ட அளவீட்டுக்கும் ஒரு பாடம் இருக்கிறது, பாவனையாளர்கள் சேர்ந்து நீரைப் பங்கிடுவதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. கொப்பி இரண்டாவதுக்குப் போகிறது, மிதவை முதலாவதுக்குப் போகிறது. அதற்குப் பிறகு எதை விடுவது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே வெட்டத் தொடங்கினாள்.

போரும் முழுக்கப் போகவில்லை. தமிழில் சொன்னால் இப்படி நின்றது: "2010இல் நாங்கள் மீள்குடியேறியபோது நீர்முறைப் பதிவுகள் அழிந்திருந்தன, 12 வயதில் நான் எழுதத் தொடங்கிய கொப்பி அந்தப் பதிவுகளின் இடத்தை எடுத்தது." வாசிக்கிறவருக்கு என்ன நடந்தது என்று விளங்கும். அடுத்த வசனம் அவரைத் தண்ணீருக்குக் கூட்டிக்கொண்டு போகும். மாமாவுக்கு இதில் இன்றைக்கும் திருப்தியில்லை.

வெள்ளப் பந்தியை வெட்டத்தான் அவளுக்கு மனமில்லை. நல்ல பந்திதான், உண்மையும்கூட. ஆனால் பொதி கட்டியதால் நீர்ப்பங்கீட்டைப் பற்றி அவளுக்கு என்ன தெரியவந்தது என்றால் பதில் இல்லை. இதுவே அனர்த்த முகாமைத்துவப் படிப்பு என்றால் நான் தலைகீழாகச் சொல்லியிருப்பேன்: வெள்ளத்தை விரி, எந்த ஊருக்கு முதலில் போவது, பதிவில் இல்லாத குடும்பத்தை என்ன செய்வது என்று முடிவெடுத்த கதையை எழுது, மிதவை அளவையை ஒரு வரியாக்கு. ஒரே ஆள், ஒரே வாழ்க்கை, கடிதம் வேறு. ஒரு கடிதத்தை எழுதி ஐந்து பல்கலைக்கழகத்துக்குப் பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

சின்ன விசயம் ஒன்று. நாலு வருடப் பட்டம் இவளுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இழுபட்டது, கொரோனாவும் 2022 நெருக்கடியும். அதற்கு ஒரு பந்தியே வைத்திருந்தாள், நியாயம் கேட்கிற தொனியில். ஒரு வசனம் போதும்: பல்கலைக்கழகம் மூடப்பட்டிருந்ததால் தாமதம். ஒன்றும் எழுதாமல் விட்டால் பாடம் கோட்டைவிட்டதாக நினைப்பார்கள்.

கடைசிக் கணக்கு: கொப்பிக்கு 120 சொல், அளவைக்கும் அதன் குறைக்கும் 170, ஏன் இந்தப் படிப்பு என்பதற்கு 120, தாமதத்துக்கு 20, படித்து வந்து என்ன செய்வது என்பதற்கு 65. மொத்தம் 495. "தாய்நாட்டுக்குச் சேவை செய்வேன்" என்ற முடிவு வசனமும் போய்விட்டது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை கிடைத்தால், சிறுபோகம் முடிந்து வாய்க்கால் காய்ந்திருக்கிற இடைவெளியில் அந்தத் தேக்கச் சோதனையைச் செய்வேன் என்று எழுதியிருக்கிறாள்.

வெட்டிய பகுதிகளை அழிக்க வேண்டாம் என்று சொல்லி வேறொரு கோப்பில் போடவைத்தேன். அடுத்தது புலமைப்பரிசில் விண்ணப்பம், அதில் தலைமைத்துவத்தைப் பற்றிக் கேட்பார்கள். வெள்ளப் பந்தி அங்கே போகும், பொதிக் கணக்கை எடுத்துவிட்டு.

உங்களிடம் 500 சொல்லுக்குள் அடங்காத ஒன்று இருந்தால் உள்பெட்டியில் அனுப்புங்கோ. விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல் நாள் இரவு அனுப்ப வேண்டாம்.